நான்கு பேர் திருத்தம், ஒரே வேலைப் பட்டியல்: 16 பக்கக் கையேட்டில் செய்த விதம்

வேலை இதுதான்: வீட்டுத் தண்ணீர் சுத்திகரிப்புக் கருவிக்கு 16 பக்கப் பயனர் கையேடு, நடுவில் பின் அடித்தது. இரண்டாம் வரைவை கிளையண்ட் தரப்பில் நான்கு பேர் பார்த்தார்கள்: மார்க்கெட்டிங் தலைவர், தயாரிப்புப் பொறுப்பாளர், சட்டப் பிரிவு, விற்பனைப் பிரிவு. திருத்தங்கள் நான்கு வடிவங்களில் வந்தன. ஒருவர் பிடிஎஃப்பில் கமெண்ட் போட்டார், ஒருவர் வேர்டு கோப்பில் எழுதினார், ஒருவர் நீளமான மின்னஞ்சல் அனுப்பினார். விற்பனையிலிருந்து வந்தவை அச்செடுத்த தாளில் பேனாவால் எழுதி போனில் எடுத்த படங்கள். எல்லாம் சேர்ந்து 63 வரிகள். மூன்றாம் வரைவுக்கான பட்டியலில் அவற்றிலிருந்து 37 வேலைகள் மிஞ்சின. அந்தக் குறைப்பு எப்படி நடந்தது, எந்த வரிசையில் வேலை போனது என்பதே இந்தப் பதிவு.

முதலில் எல்லாவற்றையும் ஒரே ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏற்ற வேண்டும். இதில் வேகம் காட்டினால் பிறகு இரண்டு மடங்கு நேரம் போகும். ஒரு வரியில் ஒரே ஒரு மாற்றம்தான் இருக்க வேண்டும். மின்னஞ்சலில் வந்த ஒரு வாக்கியம்: "5-ஆம் பக்கம் ரொம்ப நெரிசலா இருக்கு, படத்தைப் பெருசாக்குங்க, அந்த அட்டவணை வேண்டாம்." இதை அப்படியே ஒரு வரியாக வைத்தால் பாதி முடிந்தபின் அதற்கு என்ன நிலை போடுவது என்று தெரியாது. பிரித்தால் மூன்று வரி. முதலாவது ஒரு குறை, மற்ற இரண்டும் அந்தக் குறைக்கு அவர் சொன்ன தீர்வுகள். குறை, தீர்வு என்று தனி நெடுவரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். முரண் தீர்க்கும் கட்டத்தில் அந்த ஒரு குறிப்புதான் வழி திறக்கும்.

மற்ற நெடுவரிசைகள்: எண், யார், இடம், அவர் சொன்னது, செய்ய வேண்டியது, வரிசை எண், நிலை. "அவர் சொன்னது" என்பதில் அவர் எழுதியதை எழுத்துப் பிசகாமல் ஒட்ட வேண்டும், நம் சொற்களில் சுருக்கக் கூடாது. "கொஞ்சம் பளிச்சுனு இருக்கணும்" என்பதை "நிறத்தை மாற்று" என்று நாம் எழுதிவைத்தால், ஒரு வாரம் கழித்து அது அவர் சொன்னது போலவே ஆகிவிடும். எண்ணில் ஆளின் முதலெழுத்து இருந்தால் போதும்: மா-07, த-12, ச-03, வி-15.

பிடிஎஃப்பில் ஒரு சிக்கல் எப்போதும் வரும். மஞ்சள் கோடு மட்டும் இருக்கும், அதில் குறிப்பு எதுவும் இருக்காது. அதை ஒரு வேலையாக ஊகித்து எழுதாமல் "இங்கே என்ன மாற்றம்?" என்ற கேள்வியாகவே ஏற்ற வேண்டும்.

ஏற்றி முடித்ததும் எந்த வரைவைப் பார்த்து எழுதினார்கள் என்று சரிபார்ப்பது அடுத்த வேலை. விற்பனைப் பிரிவின் படங்களில் 7-ஆம் பக்கத்தில் குழாய் இணைப்புப் படம் பழையதாக இருந்தது. இரண்டாம் வரைவில் அந்தப் படமே இல்லை. ஆக, அவர்கள் கையில் இருந்தது முதல் வரைவு. இதனால் அவர்களுடைய வரிகளைத் தூக்கிப் போட்டுவிட முடியாது. ஒவ்வொன்றையும் இரண்டாம் வரைவோடு ஒப்பிட்டுப் பார்த்ததில் 9 வரிகள் ஏற்கனவே சரியாகியிருந்தன, மீதி இன்னும் பொருந்தின. அந்த 9 வரிகளுக்கும் "வரைவு 2-இல் சரியாகிவிட்டது" என்று நிலை போட்டு வைத்தோம். வரியை அழித்திருந்தால் அடுத்த சுற்றில் அதே திருத்தம் திரும்பி வந்திருக்கும்.

இனி அடுக்கும் விதம். திருத்தம் தந்தவர் வாரியாக அடுக்கினால் முரண் கண்ணில் படாது. மா-வின் வரிகளை முடித்து த-வுக்குப் போகும்போதுதான் காலையில் நீக்கியதை மதியம் திரும்பச் சேர்க்கச் சொல்லியிருப்பது தெரியும். இடம் வாரியாக அடுக்க வேண்டும். பக்க எண் மட்டும் போதாது, "05-அட்டவணை", "01-தலைப்பு" என்று எந்தப் பகுதி என்பதும் சேர வேண்டும். எல்லா வரிகளிலும் அதே எழுத்துக்கூட்டல் இருக்க வேண்டும், "05-டேபிள்" என்று ஒரு வரியில் வந்தால் அது தனியாகப் போய்விடும். யார் என்பது B, இடம் என்பது C என்றால், ஒரே இடத்தில் வேறு ஆள் எத்தனை வரி சொல்லியிருக்கிறார் என்பதை இந்த வாய்பாடு காட்டும்:

```
=COUNTIFS(C:C,C2,B:B,"<>"&B2)
```

பூஜ்யம் வந்த வரிகளில் சண்டை இல்லை. ஒன்றோ அதற்கு மேலோ வந்தவற்றை மட்டும் உட்கார்ந்து படித்தால் போதும். படித்தபோது பெரும்பாலும் ஒரே திருத்தத்தை இரண்டு பேர் சொன்னதாகத்தான் இருந்தது. அப்படி 14 வரிகள் மற்றொன்றோடு இணைந்தன. இணைத்த வரியின் நிலையில் "த-04 உடன் இணைந்தது" என்று எழுதி விட்டுவிட வேண்டும்.

மிஞ்சிய உண்மையான முரண்களில் மூன்றை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மூன்றும் தீர்ந்த விதம் வேறு வேறு.

முதலாவது 5-ஆம் பக்கத்து அட்டவணை. ஃபில்டர் எப்போது மாற்ற வேண்டும் என்ற அட்டவணை அது. வேண்டாம் என்றார் மார்க்கெட்டிங் தலைவர். தயாரிப்புப் பொறுப்பாளர் அதிலேயே இன்னும் இரண்டு நெடுவரிசை கேட்டார்: எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம். நேரெதிராகத் தெரிகிறது. குறை எது, தீர்வு எது என்று பிரித்து வைத்த நெடுவரிசையைப் பார்த்தால் நிலைமை வேறு. மார்க்கெட்டிங் சொன்ன குறை நெரிசல். தயாரிப்பு சொன்ன குறை, சர்வீஸ் ஆட்களுக்கு முழு விவரம் கிடைக்கவில்லை என்பது. இரண்டு குறைகளும் ஒன்றோடொன்று மோதவில்லை, தீர்வுகள்தான் மோதின. 5-ஆம் பக்கத்தில் ஃபில்டர் பெயரும் மாற்ற வேண்டிய மாதமும் மட்டும் கொண்ட மூன்று வரி அட்டவணை, முழு அட்டவணை கடைசியில் உள்ள விவரக்குறிப்புப் பக்கத்தில், இடையில் ஒரு "பார்க்க" குறிப்பு. இருவர் சொன்ன காரணமும் நிறைவேறுகிறது என்றால் கூட்டம் போட வேண்டியதில்லை. செய்துவிட்டு இருவருக்கும் என்ன செய்தோம் என்று எழுதினால் போதும்.

இரண்டாவது அட்டையில் இருந்த "100% கிருமி நீக்கம்" என்ற வாசகம். மார்க்கெட்டிங் அதைப் பெரிய எழுத்தில் கேட்டது. சட்டப் பிரிவு அடித்துவிட்டது. இங்கே நடுவழி தேடக் கூடாது. "99%" என்று போட்டு இருவரையும் சமாதானப்படுத்தினால், சோதனை அறிக்கை இல்லாத ஓர் எண்ணை நாமே கண்டுபிடித்து அச்சிட்டதாகும். உரிமைகோரல் வாசகத்தில் சட்டப் பிரிவின் சொல்லே முடிவு. மா-01 "செய்யவில்லை" என்று போய், காரணத்தில் ச-02 என்ற எண் வந்தது.

ஆனால் அதே சட்டப் பிரிவு இன்னொன்றும் கேட்டிருந்தது: எச்சரிக்கைக் குறிப்பை அட்டையிலேயே 12 பாயிண்ட் தடித்த எழுத்தில் போடச் சொல்லி. எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது அவர்கள் எல்லைக்குள் வருவது. எழுத்தின் அளவும் இடமும் எப்போதும் அப்படி அல்ல. அவர்களிடம் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான்: "இந்த அளவும் அட்டை என்ற இடமும் விதியில் இருக்கிறதா, இல்லை உங்கள் பரிந்துரையா?" விதி என்றால் எந்தப் பிரிவு என்று கேட்டு வரியில் குறித்துக்கொண்டு அப்படியே செய்ய வேண்டும். இங்கே பரிந்துரை என்று பதில் வந்ததால் எச்சரிக்கை உள்ளட்டைக்குப் போனது. அட்டைக்காக மார்க்கெட்டிங் கேட்ட மற்ற இரண்டு மாற்றங்களுக்கு அதனால் இடம் கிடைத்தது.

மூன்றாவது முரண்தான் கடினம், ஏனென்றால் அந்த வாய்பாடு அதைக் காட்டாது. விற்பனைப் பிரிவு 3-ஆம் பக்கத்தில் எழுதியது: எழுத்து சின்னது, வயதானவர்களால் படிக்க முடியவில்லை. தயாரிப்புப் பொறுப்பாளர் கடைசியில் கேட்டது: சிக்கலும் தீர்வும் என்று இரண்டு பக்கம் சேர்க்க வேண்டும். மார்க்கெட்டிங் தலைவரின் மின்னஞ்சலில் முதல் வரியாக வந்தது: 16 பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூன்றும் மூன்று இடங்களில் கிடக்கின்றன. தனித்தனியாகப் படித்தால் மூன்றும் நியாயம், சேர்த்து வைத்தால் ஒரே புத்தகத்தில் அடங்காது. இப்படிப்பட்டவற்றைப் பிடிக்க ஒரே வழி, இடத்தைத் தின்னும் வரிகளையும் இடம் தரும் வரிகளையும் தனியாக எடுத்து ஒரு கணக்குப் போடுவது. வீடியோவாக இருந்தால் விநாடியிலும் இணையப் பக்கமாக இருந்தால் திரை உயரத்திலும் இதே கணக்கைப் போடலாம். அச்சில் அது பக்கக் கணக்கு.

16 பக்கத்தில் அட்டை முன்பின் 2, முழுப் பக்கப் படங்கள் 3, எழுத்து 11. இப்போதைய எழுத்து 9 பாயிண்ட், வரிக்கு வரி 12 பாயிண்ட். 10 பாயிண்ட் எழுத்தும் 13 பாயிண்ட் வரி இடைவெளியும் ஆக்கினால் அகலத்தில் 10/9, உயரத்தில் 13/12 என்று வளர்ந்து, மொத்தம் ஏறக்குறைய 1.2 மடங்கு இடம் வேண்டும். 11 பக்கம் 13.2 ஆகிறது. இது மதிப்பீடுதான், வரி உடையும் விதத்தால் கொஞ்சம் கூடக்குறைய வரும். அதோடு புதிய 2 பக்கம் சேர்ந்தால் 15.2, அதாவது 16 எழுத்துப் பக்கம். அட்டையும் படமும் சேர்த்தால் 21.

பின் அடிக்கும் புத்தகத்தில் ஒரு தாள் மடித்தால் 4 பக்கம். 16-க்கு அடுத்தது 20, அதற்கு அடுத்தது 24. 18 என்று ஒன்று கிடையாது. எல்லாவற்றையும் அப்படியே ஏற்றால், கால் பக்கம் மிஞ்சியதற்காக ஒரு தாள் கூடி 24 ஆகிவிடும். இதை யாரும் கேட்கவில்லை. இந்தக் கணக்கு கையில் வந்தபின் அது மூன்று பேருக்கு இடையிலான கருத்து வேறுபாடாக இல்லாமல், விலையும் பலனும் எழுதிய ஒரு தேர்வாக மாறிவிடுகிறது.

அப்படி ஒரு தேர்வை யாரிடம் கேட்பது என்பது வரைவை அனுப்பும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை என்றால், அச்சுக்கு ஒப்புதல் கையெழுத்துப் போடப் போகிறவரிடம் கேட்பதுதான் சரி. நால்வருக்கும் சேர்த்து அனுப்பி "நீங்களே பேசி முடிவு சொல்லுங்கள்" என்றால் பதில் வராது, அல்லது இரண்டு பதில் வரும். ஆட்களின் பெயரையும் கேள்வியில் போடாமல் இருப்பது நல்லது. "விற்பனைப் பிரிவு இப்படிச் சொல்கிறது, தயாரிப்புப் பிரிவு அப்படிச் சொல்கிறது" என்று எழுதினால் முடிவு யார் பெரியவர் என்பதில் போய் நிற்கும். அனுப்பிய கேள்வி இது:

"எழுத்தைப் பெரிதாக்குவது, 2 பக்கம் சேர்ப்பது, 16 பக்கத்தில் நிறுத்துவது ஆகிய மூன்றும் ஒன்றாக நடக்காது. இரண்டு வழிகள் உள்ளன. அ: 16 பக்கமே, எழுத்து 9.5 பாயிண்ட், ஒரு முழுப் பக்கப் படம் போகும், சிக்கல்-தீர்வுக்குக் கால் பக்கத்துக்குச் சற்று அதிகமான இடமே கிடைக்கும். ஆ: 20 பக்கம், எழுத்து 10 பாயிண்ட், சிக்கல்-தீர்வு 1 பக்கம், படங்கள் அப்படியே இருக்கும். பிரதிக்கு ஒரு தாள் கூடும், அச்சகம் தந்த விலை இணைப்பில். எங்கள் பரிந்துரை ஆ. இது முடிவாகும்வரை பக்க அமைப்பைத் தொடாமல் வாசகத் திருத்தங்களை மட்டும் செய்துகொண்டிருப்போம்."

சின்னக் கேள்விகளுக்கு "வியாழன் மதியத்துக்குள் பதில் வராவிட்டால் இப்படியே தொடர்வோம்" என்று சேர்க்கலாம், பெரும்பாலும் அது வேலை செய்கிறது. ஆனால் அந்த வரியை எளிதில் திரும்பப் பெறக்கூடிய முடிவுகளுக்கு மட்டுமே போட வேண்டும். பக்க எண்ணிக்கை அப்படிப்பட்டதல்ல, அதனால் இங்கே அது இல்லை. ஆ-வுக்கு ஒப்புதல் வந்தது. 15 எழுத்துப் பக்கத்தில் 14.2 நிரம்பியபின் மீந்த முக்கால் பக்கத்தில்தான் அந்த முழு ஃபில்டர் அட்டவணை உட்கார்ந்தது.

இனி வரிசை. பக்க எண்படி போவது எளிதாகத் தோன்றும், சொன்னவரின் பதவிப்படி போகவும் மனம் இழுக்கும். இரண்டுமே செய்த வேலையைத் திரும்பச் செய்ய வைக்கும். ஒரு வேலை முடிந்தால் எந்த வேலை கெடும் என்று பார்த்து, கெடுப்பது முன்னால், கெடுவது பின்னால். இந்தக் கையேட்டில் வந்த வரிசை: நீக்கங்கள் முதலில், ஏனென்றால் ஒரு பத்தி போனால் அதில் உள்ள எழுத்துப்பிழை வரிகளும் சேர்ந்து போகும். பிறகு வாசகச் சேர்க்கையும் மாற்றங்களும். அப்புறம் எழுத்தளவும் பக்க எண்ணிக்கையும், அதன் மேல் அட்டவணைகள், படங்கள். அதற்குப் பிறகுதான் பக்க முடிவில் தனியாகத் தொங்கும் ஒற்றை வரிகளைச் சரிசெய்வது. விற்பனைப் பிரிவு சுட்டிய அப்படிப்பட்ட மூன்று இடங்களும் எழுத்தளவு மாறியதும் தாமாகவே மறைந்து, புதிதாக வேறு இடங்களில் வந்தன. முன்பே உட்கார்ந்து சரிசெய்திருந்தால் அந்த உழைப்பு வீண். பொருளடக்கமும் "பக்கம் இத்தனை பார்க்க" என்பவையும் கடைசிக்கு முந்தைய கட்டம். அச்சுக்கான 3 மிமீ ப்ளீட், படங்களின் தெளிவு ஆகியவற்றின் இறுதிச் சரிபார்ப்பு கடைசி.

வரிசை எண்ணை 100, 110, 120 என்று இடைவெளி விட்டுப் போடுங்கள். நடுவில் ஒன்று வந்தால் 115 என்று செருகலாம், மற்றதைத் தொட வேண்டாம்.

இந்த வரிசைக்கு ஒரு விலக்கு உண்டு. கிளையண்ட் நமக்குத் தர வேண்டியவை, கடைசியில்தான் பயன்படும் என்றாலும் முதல் நாளே கேட்கப்பட வேண்டும். 5-ஆம் பக்கப் படத்தைப் பெரிதாக்கச் சொன்ன வரியைப் பாருங்கள். கையிலிருந்த படத்தின் அகலம் 1200 பிக்சல். 100 மிமீ அகலத்தில் அது அங்குலத்துக்கு 305 பிக்சல், அச்சுக்குப் போதும். கேட்டபடி 160 மிமீ ஆக்கினால் 190-க்கு இறங்கி மங்கலாகத் தெரியும். 300 வேண்டுமென்றால் 1890 பிக்சல் அகலமுள்ள மூலப் படம் தேவை. படத்தை வைப்பது வரிசையில் 400-களில் வருகிறது, படத்தைக் கேட்பதோ 010. அதனால் இந்த ஒரு வரி இரண்டு வேலைகளாகப் பிரிந்தது. மஞ்சள் கோடு மட்டும் இருந்த கேள்விகளும் இதே 010-இல், ஒரே மின்னஞ்சலில் போயின. கேள்விகளைச் சொட்டுச் சொட்டாக அனுப்பினால் பதிலும் அப்படித்தான் வரும்.

மூன்றாம் வரைவோடு அந்த ஸ்ப்ரெட்ஷீட்டும் போனது, 63 வரிகளுக்கும் நிலை எழுதியபடி. ஏற்கனவே சரியானவை 9, இணைந்தவை 14, காரணம் சொல்லிச் செய்யாமல் விட்டவை 3, மீதி 37 செய்தவை. கேட்டதை வேறு விதமாகச் செய்திருந்தால், அந்த வரியில் "செய்தது" என்று மட்டும் போடாமல் என்ன செய்தோம் என்பதையும் எழுத வேண்டும். அட்டவணையை நீக்கச் சொன்னவர் அது சின்னதாக அங்கேயே இருப்பதைப் பார்த்துவிட்டு, "செய்தது" என்ற நிலையையும் பார்த்தால், மற்ற எல்லா நிலைகளையும் சந்தேகிப்பார். பட்டியல் மூடியபின் வந்த இரண்டு திருத்தங்கள் அடுத்த சுற்றின் தாளில் ஏறின. அவற்றை நடுவில் நுழைத்திருந்தால் பக்கக் கணக்கை மறுபடி போட வேண்டியிருக்கும்.

தொகுப்பு சரியாக நடந்ததா என்பதை மூன்றாம் வரைவுக்கு வரும் பதிலில் பார்க்கலாம். புதுப் பிழைகளைச் சுட்டினால் நல்லது, எந்தச் சுற்றிலும் அவை வரும். முந்தைய சுற்றின் முடிவைத் திருப்பச் சொல்லி வரிகள் வந்தால், ஏதோ ஒரு முரண் தீராமலே மூடப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்த வரியின் எண்ணைப் பிடித்து, யாருடைய காரணம் விடுபட்டது என்று பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த கையேட்டில் மாற்ற வேண்டியவை இரண்டு. ஒன்று, வாசகத்துக்கு முதல் சுற்று, பக்க அமைப்புக்கு இரண்டாம் சுற்று என்று பிரிப்பது. சட்டமும் தயாரிப்பும் வெறும் எழுத்துக் கோப்பிலேயே பார்த்து முடித்திருந்தால், 2 பக்கச் சேர்க்கை பக்கம் அமைக்கும் முன்பே தெரிந்திருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் "வரைவு 2" என்று சிறிதாக அச்சிடுவது. தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பினாலும், எந்த வரைவு என்பது அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும்.